ஏழு மணித் தட்டும் ஒன்பது மணித் தட்டும்

மாலையில் கடை போடும் ஃபாஸ்ட் ஃபுட் வண்டிகளில் எக் ரைஸ் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். ஏழு மணிக்கு, கூட்டம் சேருவதற்கு முன்னால் போனால் சோறு உதிரி உதிரியாக இருக்கும். கோஸ் நறுக்கென்று கடிபடும். லேசாகப் புகை மணக்கும். அதே கடையில், அதே மாஸ்டர் கையால், ஒன்பது மணிக்கு வாங்கி வந்த பார்சலைப் பிரித்தால் சோறு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். அடியில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து நிற்கும். நடுநடுவே கறுப்புத் துகள் தட்டுப்படும். கூட்டத்தில் மாஸ்டர் கவனிக்கவில்லை என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது காரணமல்ல. கடாய்க்குள் போன தண்ணீரின் அளவுக்கு அந்த அடுப்பால் சூடு கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

தண்ணீர் என்றால் யாரும் செம்பில் எடுத்து ஊற்றியதல்ல. வெந்த சோற்றிலேயே பாதிக்கு மேல் தண்ணீர். கோஸ், குடைமிளகாய், வெங்காயத்தாள் எல்லாம் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். முட்டையில் முக்கால் பங்கு. சோயா சாஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெருந்தீயில் கடாய் வைத்துச் செய்யும் சமையல் முழுவதும், இந்தத் தண்ணீர் வெளியே கசிந்து தேங்குவதற்குள் அதை ஆவியாக்கி விரட்டும் வேலைதான். அது நடந்துகொண்டிருக்கும் வரை கடாயின் இரும்பு 200 டிகிரிக்கு மேலேயே நிற்கும். சோறு வறுபடும், மணம் ஏறும். தண்ணீர் தேங்கிவிட்டால், கீழே எவ்வளவு பெரிய நெருப்பு எரிந்தாலும் உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டாது. அப்போது வறுவல் நின்று வேகவைத்தல் தொடங்கிவிடும்.

இந்தச் சமையல் தென்சீனத்தின் குவாங்டாங் பகுதியிலும் ஹாங்காங்கின் தெருவோரக் கடைகளிலும் கலையாக வளர்ந்தது. காண்டனீஸ் சமையல்காரர்கள் 'வோக் ஹேய்' என்று சொல்லும் அந்தப் புகைமணம்தான் அவர்கள் ஒரு தட்டை மதிப்பிடும் அளவுகோல். கொல்கத்தாவின் டாங்ராவில் குடியிருந்த சீனர்களின் சமையல் அறைகளில் அது இந்திய மசாலாவோடு கலந்தது. இன்று நம் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரில் நிற்கும் தள்ளுவண்டி வரை வந்திருக்கிறது. வண்டியில் இருக்கும் சோயா சாஸும் மிளகுத்தூளும் எங்கே தயாரானவையாக இருந்தாலும் இரும்புக் கடாய்க்கும் நெருப்புக்கும் தண்ணீருக்கும் இடையே நடப்பது ஹாங்காங்கிலும் திண்டிவனத்திலும் ஒன்றுதான்.

நெருப்பின் பலத்தைத் தண்ணீரை வைத்தே அளக்கலாம். அப்படி அளந்தால் பல விஷயங்கள் தெளிவாகிவிடும். கொதிநிலையில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,260 ஜூல் வெப்பம் தேவை. நம் வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் சுமார் இரண்டரை கிலோவாட். அதில் பாதி வெப்பமாவது பாத்திரத்துக்குள் போகிறது என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு அரை கிராம் தண்ணீரை அது ஆவியாக்கும். வண்டிக்கடையின் ஹை பிரஷர் பர்னரை 20 கிலோவாட் என்று எடுத்துக்கொள்வோம். அதன் தீ கடாயைச் சுற்றிக்கொண்டு மேலே போய்விடுவதால் கால்பங்குதான் உள்ளே சேருகிறது. அப்படியும் வினாடிக்கு இரண்டு கிராமுக்கு மேல் வருகிறது. வீட்டு அடுப்பைப் போல நான்கு மடங்கு. வீட்டில் நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே கடாயில் ஃப்ரைட் ரைஸ் செய்தால் அது ஏன் எப்போதும் வெஜிடபிள் சாதமாகவே முடிகிறது என்பதற்கு இந்தக் கணக்குதான் விடை. வீட்டிலும் ஒரு தட்டுக்கான சோற்றை மட்டும் போட்டு, கடாயை நன்றாகக் காயவைத்துச் செய்தால் கிட்டத்தட்ட வரும். ஆனால் நான்-ஸ்டிக் பாத்திரத்தில் இந்த முயற்சி வேண்டாம். 260 டிகிரிக்கு மேல் அதன் பூச்சு சிதையத் தொடங்கும். வெறுமையாகக் காயும் பாத்திரம் அந்தச் சூட்டைச் சீக்கிரமே எட்டிவிடும்.

அடுப்பு தருவது ஒரு பக்கம் இருக்க, கடாயும் சூட்டைச் சேர்த்து வைக்கிறது. தீ நேராகப் படும் அடிப்பகுதியில் ஒரு கிலோ இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 300 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு இறங்கும்போது விடும் வெப்பம் சுமார் 40 கிராம் தண்ணீரை ஆவியாக்கப் போதும். சமையல் தொடங்கும்போது மாஸ்டர் கையில் இருக்கும் முதல் இதுதான். காயாத கடாயில் வேலையைத் தொடங்குகிறவர் கையில் முதலே இல்லாமல் தொடங்குகிறார்.

அதனால்தான் நல்ல மாஸ்டர் வெறும் கடாயை நெருப்பில் வைத்துச் சற்று நேரம் சும்மா நிற்பார். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது போலவே இதற்கும் ஒரு சோதனை உண்டு. சூடு போதாத கடாயில் சொட்டு விழுந்த இடத்திலேயே சுர்ரென்று காய்ந்து மறையும். 200 டிகிரியை நெருங்கியோ தாண்டியோ போனால் சொட்டு காயாது. உருண்டு திரண்டு, முத்து மாதிரி அங்கும் இங்கும் ஓடும். அதன் அடியில் உண்டாகும் நீராவிப் படலம் அதை இரும்பில் ஒட்டவிடாமல் தாங்குகிறது. இன்னும் கொஞ்சம் காய்ந்தால், பழகிய கடாயின் கறுப்புப் பரப்பிலிருந்து மெல்லிய நீலப் புகை எழும். எண்ணெய் ஊற்ற வேண்டிய நேரம் அது.

எண்ணெயை ஒரே தடவையாக ஊற்றுவதில்லை. இதைத்தான் வீட்டில் செய்கிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். முதலில் ஒரு கரண்டி எண்ணெயைச் சுற்றிலும் ஊற்றி, கடாயைச் சாய்த்துச் சுழற்றி, பக்கங்களெல்லாம் நனைந்ததும் அதை மறுபடி எண்ணெய்ப் பாத்திரத்திலேயே கொட்டிவிட வேண்டும். இரும்பின் நுண்ணிய பள்ளங்களில் எண்ணெய் நிரம்பிவிடுகிறது. பிறகு போடும் முட்டை அதில் பிடித்துக்கொள்ளாது. அடுத்து, சமைப்பதற்கான எண்ணெய். தட்டுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி, அதாவது இருபது மில்லி சொச்சம், ஆறிய எண்ணெயாக ஊற்ற வேண்டும். ஊற்றிய மூன்று நான்கு வினாடிக்குள் அடுத்த பொருள் கடாயில் விழுந்துவிட வேண்டும். காண்டனீஸ் சமையல் பள்ளியில் முதலில் சொல்லித் தரும் பாடமும் இதுதான்: கடாய் காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் காய்ந்திருக்கக் கூடாது.

எண்ணெயைத் தொடக்கத்திலேயே ஊற்றி, கடாயோடு சேர்த்துக் காயவைத்தால் என்ன கெட்டுவிடும்? இரும்பு 300 டிகிரியை எட்ட வேண்டும் என்றால் எண்ணெயும் அங்கே போக வேண்டியிருக்கும். கடலை எண்ணெயோ பாமாயிலோ, சுத்திகரித்த எண்ணெய்கள் ஏறக்குறைய 230 டிகிரியிலேயே புகையத் தொடங்கிவிடும். அதைத் தாண்டினால் எண்ணெய் உடைந்து, கண்ணை எரிக்கும் காரமான புகை வரும். சோற்றில் பழைய எண்ணெயின் கசப்பு இறங்கும். இன்னும் போனால் தானாகவே தீப்பிடிக்கும். கூட்ட நேரத்தில் ஒரு தட்டை இறக்கிவிட்டு அடுத்த ஆர்டருக்கு எண்ணெயை ஊற்றியவர், அந்த நேரம் பார்த்து பார்சல் கட்டத் திரும்பிவிடுகிறார். பத்து வினாடியில் எண்ணெய் கெட்டுப்போகிறது. காசு வாங்கவும் பார்சல் கட்டவும் வேறு ஆள் இருக்கும் கடைகளில் சாப்பாடு ஒரே சீராக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

எண்ணெய் பட்டதும் எது முதலில் போகிறது என்பதும் சூட்டை வைத்துத்தான். பொடியாக நறுக்கிய பூண்டு அவ்வளவு சூட்டில் ஐந்தாறு வினாடியில் கருகிவிடும். கருகிய பூண்டின் கசப்பை எந்த சாஸாலும் மறைக்க முடியாது. ஆகவே பூண்டு போடுவதானால் கடாயை நெருப்பிலிருந்து சற்றுத் தூக்கிப் பிடித்துப் போட்டு, மணம் கிளம்பியதும் காயைத் தள்ளிவிட வேண்டும். காயின் ஈரம் சூட்டைத் தணித்துப் பூண்டைக் காப்பாற்றும். எக் ரைஸுக்கு முட்டைதான் முதலில். எண்ணெயில் விழுந்ததும் ஓரம் பொங்கி உப்பும். கரண்டியால் இரண்டு இழுப்பு இழுத்து, முக்கால்வாசி இறுகி மேலே இன்னும் கொஞ்சம் ஈரம் பளபளக்கும்போது சோறு விழ வேண்டும். மீதி ஈரம் பருக்கைகள் மேல் மெல்லிய படலமாக ஒட்டி வெந்துவிடும். முட்டை பச்சையாக இருக்கும்போதே சோற்றைக் கொட்டினால் கட்டி கட்டியாகச் சேரும். முழுக்க வெந்தபின் கொட்டினால் ரப்பர் துண்டுகள் தனியாக நிற்கும். இடைப்பட்ட அவகாசம் நாலைந்து வினாடிதான். அதற்குள் சோறு கைக்கெட்டும் தூரத்தில், அளந்து தயாராக இருக்க வேண்டும்.

தீயைக் கூட்டிக் குறைப்பது திருகியில்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். வேலை நடக்கும்போது பார்த்தால் மாஸ்டரின் கை திருகிப் பக்கமே போகாது. இடக்கை கடாயில், வலக்கை கரண்டியில் என்று இரண்டும் மாட்டிக்கொண்டிருக்கின்றன. சீனச் சமையல் அறைகளில் முழங்காலால் தள்ளித் தீயைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல் வைத்த அடுப்புகள் அதற்காகவே செய்யப்பட்டவை. நம் வண்டியில் அந்த வசதி இல்லை. இங்கே சூட்டைக் கட்டுப்படுத்துவது கடாயின் இடமும், அதற்குள் போகும் பொருளின் அளவும், அந்தப் பொருள் காற்றில் இருக்கும் நேரமும்தான்.

தூக்கிப் போட்டுப் புரட்டுவது வேடிக்கைக்காக அல்ல. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஹுங்டாங் கோ, டேவிட் ஹூ என்ற இரு ஆய்வாளர்கள் தைவானிலும் சீனாவிலும் ஐந்து சமையல்காரர்கள் ஃப்ரைட் ரைஸ் செய்வதைப் படமெடுத்து ஆராய்ந்து 2020-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கை வினாடிக்கு ஏறக்குறைய மூன்று தடவை வீசுகிறது. கடாயை அவர்கள் அடுப்பிலிருந்து முழுதாகத் தூக்குவதில்லை. அடுப்பின் விளிம்பில் ஊன்றியபடியே முன்னும் பின்னும் தள்ளுவதும் சாய்ப்பதும் ஒரு தாளத்தில் சேர்ந்து நடக்கிறது. காற்றில் எழும் பருக்கை ஒரு கணம் ஆறி, அதன் மேல்பரப்பு ஈரத்தை உதறிவிட்டுத் திரும்ப விழுகிறது. அதனால் அவ்வளவு சூட்டிலும் அது கருகாமல் பொன்னிறத்தில் நிற்கிறது. அந்த வேலை தோள்பட்டையை எப்படித் தேய்க்கிறது என்பதும் அந்த ஆய்வின் அக்கறைகளில் ஒன்று. மாலை ஆறிலிருந்து பதினொன்று வரை வீசும் தோள் அது. நம் ஊர் மாஸ்டர்களில் பலர் வலியோடுதான் வேலை செய்கிறார்கள்.

வீசும்போது எண்ணெய்த் துளிகள் பொடியாகச் சிதறிக் கடாயின் விளிம்பைத் தாண்டி நெருப்பில் பட்டுப் பக்கென்று பற்றுகின்றன. அந்த ஒரு நொடிச் சுடர் சோற்றின் மேல் விட்டுப்போகும் மணமும், இரும்பில் பட்டுச் சிவந்த சோற்றின் மணமும், விளிம்பில் தீய்ந்த சோயா சாஸின் மணமும் சேர்ந்ததுதான் நாம் புகைமணம் என்று சொல்வது. சுடர் எழுந்து உடனே அடங்க வேண்டும். கடாய்க்குள் தீ நின்று எரிந்தால் எண்ணெய் அதிகம் என்று அர்த்தம். சோற்றில் கரிப்புகை ஏறி மண்ணெண்ணெய் வாடை மாதிரி அடிக்கும். அந்தத் தீ அடங்கவில்லையென்றால் கேஸை மூடி, கடாய்மேல் தட்டையோ மூடியையோ போட்டு மூட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் எரியும் எண்ணெய் வெடித்துச் சிதறும்.

சோயா சாஸைச் சோற்றின் மேல் ஊற்றினால் பட்ட இடம் கறுத்து, மற்ற இடம் வெள்ளையாக நிற்கும். அதைக் கலக்கப் போய்ச் சோறு உடையும். சோற்றைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, வெறும் இரும்பு தெரியும் மேல்விளிம்பில் சுற்றி ஊற்ற வேண்டும். தட்டுக்கு ஒரு தேக்கரண்டி போதும். அது வழிந்து இறங்கும் இரண்டு வினாடியிலேயே தண்ணீர் போய், உள்ளே இருக்கும் சர்க்கரையும் புரதமும் இரும்பில் சிவந்து, மணமாகச் சோற்றில் சேரும். இறக்குவதற்குச் சற்று முன்னால் செய்ய வேண்டிய காரியம் இது. உப்பும் அப்போதுதான். முதலிலேயே உப்புப் போட்டால் கோஸ் தண்ணீர் விட ஆரம்பித்துவிடும்.

நான் வழக்கமாகப் போகும் கடையின் மாஸ்டர் கடாய்க்குள் அதிகம் பார்ப்பதில்லை. "சத்தம் கேளுங்க சார், அது சொல்லிடும்" என்றார். கவனித்துக் கேட்டால் சொல்லத்தான் செய்கிறது. வறுபடும் சோற்றில் சடசடவென்று, எண்ணெயில் கடுகு பொரிவதற்குக் கிட்டத்தட்ட ஒரு சத்தம் விடாமல் வரும். தண்ணீர் தேங்கத் தொடங்கியதும் அது இறங்கிப் புஸ்ஸென்று ஆகிவிடும். மேலே எழுவதும் மாறும்: மெல்லிய நீலப் புகை போய், தடித்த வெள்ளை ஆவி வரும். கரண்டி இழுக்கும்போது சோறு சரளாமல் கூடவே வரும். அந்த நிலைக்குப் போன கடாயை மேலும் கிளறிப் பயனில்லை. கிளறக் கிளறக் குழையும். சோற்றைப் பக்கங்களில் ஏற்றிவிட்டு, அடியைத் திறந்து, சத்தம் திரும்பும் வரை பத்துப் பதினைந்து வினாடி கை வைக்காமல் விடுவதுதான் அவர் செய்வது.

தண்ணீர்ச் சண்டையில் பாதி, அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. பாஸ்மதியைக் கொஞ்சம் நறுக்கு இருக்கும்போதே வடித்து, அகலமான தட்டில் பரத்தி, ஆவி அடங்கும் வரை காற்றாட விட வேண்டும். மேல் ஈரம் காய்வதோடு, ஆறும் சோற்றின் மாவுச்சத்து இறுகுவதால் பருக்கை உடையாமல் நிற்கும். கோஸையும் வெங்காயத்தாளையும் நறுக்குவதற்கு முன்பே கழுவி, துணியில் பரத்தி வடியவிட வேண்டும். கழுவிய ஈரத்தோடு ஒரு கைப்பிடி கோஸ் போட்டால் பத்துக் கிராம் தண்ணீர் இனாமாகப் போகிறது. அதை விரட்ட நெருப்புக்கு ஐந்து வினாடி வேண்டும்.

ஆறவிடுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போகக் கூடாது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைத்துகள்கள் இருப்பது சகஜம். வேகவைத்தாலும் அவை சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றை மணிக்கணக்கில் மூடி வைத்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சு சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு எவ்வளவு பெரிய நெருப்பில் வறுத்தாலும் அழியாது. மத்தியானம் வடித்து அண்டாவில் மூடி வைத்த சோற்றை ராத்திரி பத்து மணிக்கு வறுத்துக் கொடுப்பது, அந்தக் காரணத்தால், தவறு. பரத்தி ஆற்றிய சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். அல்லது 5 டிகிரிக்குக் கீழே ஃப்ரிட்ஜில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் இல்லாத வண்டி, இரண்டு மூன்று தவணையாக வடிப்பதுதான் வழி. நிறையக் கடைகள் அப்படித்தான் செய்கின்றன.

இப்போது ஒன்பது மணிக் கூட்டத்துக்கு வருவோம். "அண்ணே, நாலு எக் ரைஸ் பார்சல்" என்று ஒரு குரல் வருகிறது. பின்னால் எட்டுப் பேர் நிற்கிறார்கள். நான்கையும் ஒரே கடாயில் போட்டுவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். ஒரு தட்டுக்குச் சோறும் முட்டையும் காயுமாக நானூறு கிராம். அதை 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேற்ற ஆகும் வெப்பம் 35 கிராம் தண்ணீரை ஆவியாக்குவதற்குச் சமம். மேலும் உண்மையிலேயே விரட்ட வேண்டிய தண்ணீர் ஒரு 25 கிராம். மொத்தம் தட்டுக்கு 60 கிராம் தண்ணீரின் செலவு.

இரண்டு தட்டு போட்டால் 120. அதில் 40-ஐக் காய்ந்த கடாய் கொடுத்துவிடும். மீதி 80-ஐ வினாடிக்கு இரண்டாக நெருப்பு கொடுக்க 40 வினாடி ஆகும். நான்கு தட்டுக்கு 240. கடாய் கொடுப்பது அதே 40 தான். மீதி 200-க்கு 100 வினாடி. காயை வதக்குவதும் முட்டை ஊற்றுவதும் இதற்கு வெளியே. இது தோராயக் கணக்கு. அடுப்புக்கு அடுப்பு மாறும். ஆனால் விஷயம் விளங்கும். நான்கு தட்டாகப் போடும்போது கடாயின் சேமிப்பு தொடக்கத்திலேயே தீர்ந்துவிடுகிறது. அப்புறம் ஒரு நிமிடத்துக்கு மேல் சோறு 100 டிகிரியிலேயே ஈரத்தில் கிடக்கிறது. கோஸ் அதற்குள் தண்ணீரைக் கொட்டிவிடும். சோறு அதைக் குடித்துக் குழையும். கணக்கில் 25 கிராமாக இருந்த தண்ணீர், நிஜத்தில் ஐம்பதாகிவிடும்.

அதைவிட முக்கியமாக, நேரமும் மிச்சமாவதில்லை. இரண்டிரண்டாகச் செய்தால் 40 வினாடி வறுத்து, கடாய் மறுபடி 300-க்கு ஏற 20 வினாடி விட்டு, திரும்ப 40, திரும்ப 20: மொத்தம் இரண்டு நிமிடம். நான்காகச் செய்தால் 100 வினாடியும், அடுத்த ஆர்டருக்குக் காய 20 வினாடியும்: அதே இரண்டு நிமிடம். செலவாகும் வெப்பம் ஒன்றுதான் என்பதால் நெருப்புக்கு இதில் லாபமே இல்லை. கையின் அசைவு கொஞ்சம் குறையும். நிற்கிறவர்களுக்கு வேகமாக நடப்பது போலத் தெரியும். அந்தத் தோற்றத்துக்காக நான்கு தட்டையும் பலிகொடுக்கிறார்கள். ஒரு பர்னருக்கு ஒரு தடவை இரண்டு தட்டு என்பதை எவ்வளவு கூட்டம் வந்தாலும் மாற்றாத கடையில்தான் ஒன்பது மணித் தட்டு ஏழு மணித் தட்டைப் போல இருக்கும். கூட்டம் உண்மையிலேயே அதிகமானால் இன்னொரு பர்னரும் இன்னொரு கடாயும் வேண்டும். பெரிய கடாய் மட்டும் வாங்கினால் பிரச்சினைதான் பெரிதாகும்.

அந்த 20 வினாடி இடைவெளியில் கடாயைக் கழுவிவிடலாம். இறக்கியதும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, மூங்கில் சீவல் துடைப்பத்தால் நாலு சுழற்று சுழற்றிக் கொட்டினால் ஒட்டியிருந்த முட்டையும் சாஸும் பெயர்ந்துவிடும். கம்பி நார் போட்டுத் தேய்த்தால் எண்ணெய் ஏறி இறுகிய கறுப்புப் படலம் போய்விடும். கடாயை மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டியதுதான். கூட்டத்தில் இந்தக் கழுவல்தான் முதலில் விடுபடுகிறது. முந்தைய தட்டின் சாஸ் கடாயில் கருகி, அடுத்த தட்டில் கறுப்புத் துகளாகவும் மூன்றாவது தட்டில் கசப்பாகவும் வந்து சேர்கிறது. பார்சலில் துகள் தெரிந்தால் எண்ணெய் பழசு என்று நினைக்கத் தோன்றும். கழுவாத கடாய்தான் பெரும்பாலும் காரணம்.

சுவை தட்டுக்குத் தட்டு மாறாமல் இருக்க நல்ல கடைகள் கையாளும் வழி மிக எளிமையானது. மாலையிலேயே உப்பு, மிளகுத்தூள், சுவையூட்டி எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் கலந்து ஒரு டப்பா. சாஸ்களைக் கலந்து ஒரு பாட்டில். சோற்றுக்கு ஒரே கிண்ணம். இரண்டு தட்டுக்கு இரண்டு கிண்ணம் சோறு, இரண்டு முட்டை, டப்பாவிலிருந்து இரண்டு தேக்கரண்டி, பாட்டிலிலிருந்து இரண்டு மூடி. கையளவில் கிள்ளிப் போடும் மாஸ்டருக்கு ஏழு மணிக்கு அது சரியாக வரும்; நூறாவது தட்டில், வியர்வை வழியும்போது, எதிரே நாலு பேர் கத்தும்போது, கை கனத்துவிடும். உப்பு கூடுவது அப்போதுதான்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒன்பது மணிக்குத் தீ தானாகவே தணிகிறதென்றால் சிலிண்டரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே திரவமாக இருக்கும் எரிவாயு ஆவியாக மாறித்தான் பர்னருக்கு வருகிறது. அப்படி மாற அதற்கும் வெப்பம் வேண்டும், அதைச் சிலிண்டரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. 20 கிலோவாட் பர்னர் மணிக்கு ஒன்றரை கிலோ வாயுவை இழுக்கும். இரண்டு பர்னர் ஓடினால் மூன்று கிலோ. ஒரே சிலிண்டரிலிருந்து அவ்வளவு வேகமாக இழுக்கும்போது அது குளிர்ந்து வியர்க்கும், சில சமயம் அடிப்பக்கம் பனி பூக்கும். அழுத்தம் இறங்கும், தீ குட்டையாகும். சிலிண்டர் நிறைந்திருப்பதைவிடப் பாதிக்கு மேல் காலியான நேரத்தில் இது கூடுதலாகத் தெரியும். இரண்டு 19 கிலோ சிலிண்டரை முறையான இணைப்பில் சேர்த்து, இரண்டிலிருந்தும் இழுக்கவிடுவதுதான் பத்திரமான தீர்வு. சிலிண்டரைப் படுக்கப்போட்டு மிச்சம் மீதியை உறிஞ்சும் பழக்கம் சில இடங்களில் உண்டு. படுக்கவைத்தால் திரவமே குழாயில் ஏறி, பர்னரில் ஆளுயரத்துக்கு மஞ்சள் தீ எழும்பும். உயிரோடு விளையாடும் காரியம் அது. அடுப்பருகே நகர்த்திச் சூடேற்றுவதும் அப்படியே.

கடைசியாக வரிசை. எட்டே முக்கால் மணிக்கு மூன்று எக் ரைஸ், இரண்டு வெஜ் ரைஸ், ஒரு சிக்கன் நூடுல்ஸ், ஒரு கோபி மஞ்சூரியன் சேர்ந்து வந்தால், சொன்ன வரிசையிலேயே செய்யும் மாஸ்டர் ஒவ்வொரு தட்டுக்கும் கடாயைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அனுபவம் உள்ளவர் இரண்டு வெஜ் ரைஸை முதலில் சேர்த்து இறக்குவார். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் அதிகம் வரும் தெருவானால் அதற்குத் தனிக் கடாயே வைத்திருப்பார். பிறகு எக் ரைஸ் இரண்டு, அடுத்து ஒன்று. அதன் பின் சிக்கன் நூடுல்ஸ். மஞ்சூரியன் கடைசி. அதன் குழம்பில் வினிகரும் தக்காளி சாஸும் கார்ன்ஃப்ளவர் கரைத்த தண்ணீரும் இருக்கின்றன. புளிப்பு கடாயின் கறுப்புப் படலத்தை அரிக்கும், மாவு அடியில் ஒட்டும். மஞ்சூரியன் செய்த கடாயில் அடுத்து முட்டை ஊற்றினால் ஒட்டிக்கொண்டு வராது. ஆகவே அதை இறக்கியபின் கடாயைக் கொதிதண்ணீரில் நன்றாகக் கழுவி, நீலப் புகை வரும் வரை காயவைத்து, ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டுத்தான் அடுத்த வெஜ் ரைஸ் ஆர்டருக்குப் போகிறார்.